ஐம்பத்தொரு சாமான், ஒரே விலை

அரியலூர் கடைவீதியில் இராமலிங்கத்தின் பாத்திரக் கடையில் பதினேழு வருஷம் பில் போட்டவள் சிந்தாமணி. ரெட்டிபாளையத்திலிருந்து காலை எட்டரை பஸ்ஸில் ஏறி ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்துவிடுவாள். கல்லாவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், தலை நிமிர்ந்தால் இடிக்கிற ஒரு மூலையில் அவளுடைய மேசை. கணினியும் பிரிண்டரும் ஒரு சின்ன மின்விசிறியும் அதில் இருந்தன. தபாலில் படித்து வாங்கிய பி.காம். பட்டம் அவளிடம் இருந்தது. ஆனால் கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. "பில்லு போடுற அக்கா" என்றே அங்கே வேலை பார்த்த பதினான்கு பேரும் அவளைச் சொன்னார்கள்.

ஜி.எஸ்.டி. வந்த புதிதில் வியாபாரிகள் சங்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் வகுப்பு நடத்தியது. முதலாளிகள் முதல் நாள் டீ குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. சிந்தாமணி மூன்று நாளும் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். எவர்சில்வர் பாத்திரம் பன்னிரண்டு சதவீதம், மிக்சி பதினெட்டு, வெட் கிரைண்டர் ஐந்து, பீரோ பதினெட்டு என்று வீதமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். டிவி முப்பத்திரண்டு இன்ச் வரை பதினெட்டு, அதற்கு மேல் போனால் இருபத்தெட்டு. ஏதாவது மாறினால் மறுநாளே கணினியில் மாற்றிவிடுவாள். ஐந்து வருஷத்தில் அந்தக் கடைக்கு ஒரு நோட்டீஸ்கூட வந்ததில்லை. அதற்காக அவளை யாரும் பாராட்டியதுமில்லை. வராத நோட்டீஸ் யார் கண்ணுக்குத் தெரியும்?

2022ஆம் வருஷம், ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால், முதலாளியின் மகன் தமிழழகன் ஒரு யோசனையோடு வந்தான். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து இரண்டு வருஷமாகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிந்தாமணி வேலைக்குச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். வீட்டுப் பாடத்துக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அந்த உரிமையில் இன்னும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள்.

பேனர் மாதிரியை அவள் மேசை மேல் விரித்தான். 'சீர்வரிசை காம்போ. ஐம்பத்தொரு சாமான். ஒரே விலை ரூ.1,49,999. வரி உட்பட.' நடுவில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், அவளைச் சுற்றிக் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், குத்துவிளக்கு, அண்டா, குடம், தட்டு. மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் '43 இன்ச் டிவி'.

"நல்லாருக்குல்ல?" என்றான். "ஒரே லைன்ல பில்லு. சீர்வரிசை செட், ஒண்ணு. பாத்திரத்துக்கு உள்ள பன்னெண்டு பெர்சென்ட் போட்டுடுங்க."

சிந்தாமணி பேனரைப் பார்த்தாள். அவள் கண் சிவப்பு வட்டத்தில் நின்றது.

"தம்பி, இதுக்குப் பன்னெண்டு போட முடியாதுங்க."

"ஏன்? ஐம்பத்தொண்ணுல முப்பத்தெட்டு பாத்திரம். பாத்திரம்தான மெயினு?"

"எண்ணிக்கையப் பாத்து வீதம் வராது. குக்கர் விக்கிறோம், டப்பாக்குள்ள ஒரு கேஸ்கட்டும் வெயிட்டும் சேந்து வருது. எந்தக் கடைக்குப் போனாலும் அப்படித்தான் குடுப்பாங்க. குக்கர்தான் முக்கியம், மத்தது அதுக்குத் துணை. அதைத்தான் காம்போசிட்டுனு சொல்றாங்க. குக்கருக்கு என்ன வீதமோ மொத்தத்துக்கும் அதே வீதம். இதுல பாருங்க, பீரோவுக்கும் அண்டாவுக்கும் என்ன சம்பந்தம்? டிவி குடத்துக்குத் துணையா? எல்லாம் தனித்தனியா விக்கிற சாமான். நாமதான் ஒண்ணாக் கட்டி ஒரே விலை வெக்கிறோம். அது மிக்சட் சப்ளை. கட்டுக்குள்ள எதுக்கு வீதம் அதிகமோ அந்த வீதம் மொத்தத்துக்கும் வந்துரும்."

"அதிகம் எது?"

"உங்க டிவிதான். இருபத்தெட்டு."

தமிழழகன் சிரித்தான். "ஒரு கரண்டிக்கு இருபத்தெட்டா?"

"ஒரே விலை வெச்சா கரண்டிக்கும் இருபத்தெட்டுதான். இப்பப் பன்னெண்டுனு நெனச்சு வெச்ச வெல, இருபத்தெட்டு போட்டா ஒரு லட்சத்து எழுபத்தொண்ணாயிரத்தத் தாண்டும்." அவள் கணக்குப்பொறியை அவன் பக்கம் திருப்பினாள். "வழி இருக்கு தம்பி. ஒவ்வொரு சாமானுக்கும் தனி வெல போட்டு பில்லு எழுதிருவோம். வேணாங்கறத எடுத்துட்டுப் பாக்கிய வாங்கிக்கலாம்னு சொல்லிருவோம். அப்ப அதது வீதம் அததுக்கு. இல்ல, டிவிய முப்பத்திரண்டா மாத்துங்க. பதினெட்டோட நிக்கும்."

"நாப்பத்து மூணுனு பேனர் அடிக்கக் குடுத்தாச்சுக்கா. ஒரே விலைங்கறதுதான் ஆளுங்கள இழுக்கும். தனித்தனியா எழுதினா ஒவ்வொண்ணுக்கும் பேரம் பேச ஆரம்பிப்பாங்க."

அன்று மத்தியானம் அவன் ஆடிட்டருக்கு போன் போட்டான். சீர் கொடுப்பது நம்ம ஊர் வழக்கம், வழக்கமாகச் சேர்ந்து வருவதுதானே, காம்போசிட் என்று வாதாடலாம் என்று ஆடிட்டர் சொன்னார். வழக்கம் கல்யாண வீட்டில்தானே, கடைகள் அப்படிக் கட்டி விற்பதில்லையே என்று சிந்தாமணி கேட்க நினைத்தாள். எழுதித் தரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். ஆடிட்டர் எழுதித் தரவில்லை.

சாயங்காலம் அவள் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினாள். ஒரே விலை என்றால் மிக்சட் சப்ளை, இருபத்தெட்டு போட வேண்டும், பன்னிரண்டு போட்டால் பின்னால் வித்தியாசத்தைக் கேட்பார்கள், தனி விலை போட்டால் பிரச்சினை இல்லை. அதைப் படம் பிடித்துத் தமிழழகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'அக்கா, நான் சொன்னதப் போடுங்க. வெல மாறக் கூடாது.'

மறுநாளிலிருந்து அவன் சொன்னதையே அவள் போட்டாள்.

காம்போ நன்றாக ஓடியது. உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். முந்திரி விற்ற காசை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. மாசிக்கும் வைகாசிக்கும் கடையில் நிற்க இடமில்லை. ஒன்றரை வருஷத்தில் நூற்று எண்பத்தாறு செட் போனது. ஒவ்வொரு பில்லும் சிந்தாமணியின் விரல் தட்டித்தான் வந்தது. முதல் பத்து பில்லை அடித்த பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து மறுபடி படித்தாள். ஐம்பதாவது பில்லைப் படிக்கவில்லை.

2024 தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், இரண்டு ஜீப்பில் வணிகவரித் துறை ஆட்கள் வந்து இறங்கினார்கள். தலைமை தாங்கி வந்தவர் லாவண்யா என்ற அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கடை வாசலில் தொங்கிய பேனரை முதலில் போட்டோ எடுத்தார். பிறகு சிந்தாமணியின் மேசைக்கு வந்து சீர்வரிசை பில்களை வரிசையாகத் திறக்கச் சொன்னார்.

"எல்லாமே ஒரே லைன், ஒரே வெல. இதுக்குப் பன்னெண்டுனு யார் முடிவு பண்ணது?"

தமிழழகன் திரும்பி சிந்தாமணியைப் பார்த்தான். கடையில் இருந்த பதினான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"பில்லு நாந்தான் போடுறேங்க மேடம்" என்றாள்.

அது பதில் இல்லை என்று லாவண்யாவுக்குத் தெரிந்தது. எழுதிக்கொண்டார். கணினியில் இருந்ததைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் சிந்தாமணி பேருக்கு சம்மன் வந்தது, நேரில் வந்து வாக்குமூலம் தரச் சொல்லி.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை இராமலிங்கம் அவளைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அறுபத்தெட்டு வயது மனிதர். அவளைப் பதினேழு வருஷத்தில் வீட்டுக்கு அழைத்தது அதுவே முதல் தடவை. சோபாவில் உட்காரச் சொன்னார். அவர் மனைவி அம்பிகா வெள்ளி டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஆடிட்டரும் இருந்தார். தமிழழகன் ஜன்னலோரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடிட்டர்தான் பேசினார். "வித்தியாசம் நாப்பது லட்சம் வருதும்மா. அது கட்டித்தான் ஆகணும். கட்டுக்குள்ள இருபத்தெட்டு இருக்கு, ஒரே விலை இருக்கு, தப்பிக்க முடியாது. இப்ப கேள்வி என்னன்னா, இது தெரியாமப் போட்டதா, தெரிஞ்சே மறைச்சதா. தெரியாமன்னா எழுபத்து மூணாம் பிரிவு. நோட்டீஸ் வந்து முப்பது நாளுக்குள்ள வரியும் வட்டியும் கட்டிட்டா அபராதமே கெடையாது. தெரிஞ்சேன்னு ஆச்சுன்னா எழுபத்து நாலு. நோட்டீஸுக்கு அப்புறம் உடனே கட்டினாலே கால் பங்கு அபராதம், பத்து லட்சம். இழுத்தா வரிக்குச் சமமா இன்னொரு நாப்பது."

"தெரிஞ்சேங்கறதுக்கு அவங்ககிட்ட என்னா இருக்கு?" என்று சிந்தாமணி கேட்டாள்.

தமிழழகன் செல்போனிலிருந்து கண்ணை எடுத்தான். "நீங்க அனுப்பிச்ச அந்த மெசேஜு இருக்குல்ல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சரியானதைச் சொல்லி அவள் எழுதிய தாள் பழைய காகிதத்தோடு என்றோ போய்விட்டது, செல்போனில் இருந்த அதன் படம்தான் கடைக்கு விரோதமான ஒரே சாட்சி. அவள் அதைக் காட்டினால் அவளுக்குக் குற்றமில்லை, கடைக்குப் பத்து லட்சமோ நாற்பது லட்சமோ அபராதம். காட்டாவிட்டால் வீதத்தை அவளே தப்பாக எடுத்துக்கொண்டாள் என்று ஆகும்.

இராமலிங்கம் எழுந்து வந்தார். அவள் முன்னால் நின்று கையைக் குவித்தார். "சிந்தாமணி, இந்தக் கடை எங்கப்பா தலையில சொமந்து வித்து வந்தது. பையன் புத்தியில்லாமப் பண்ணிட்டான். நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். பாத்திரம்தான் அதிகம், அதனால பன்னெண்டுனு நானே நெனச்சிட்டேன்னு சொல்லு. உனக்கு ஒண்ணும் வராது. வேலையாளு மேல வரி போட மாட்டாங்க. நான் இருக்கற வரைக்கும் இந்தக் கடையில உனக்கு வேலை. இது சத்தியம்."

சிந்தாமணியின் கணவன் பழனிவேல் சிமெண்ட் லோடு லாரி ஓட்டினவன். ஒன்பது வருஷத்துக்கு முன் லாரி கவிழ்ந்து இடுப்பில் அடிபட்டபோது ஆஸ்பத்திரிக்கு நாற்பதாயிரம் முன்பணம் கொடுத்தவர் இராமலிங்கம். அதைச் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொண்டார் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த இரவு பணம் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். அவர் குவித்த கையைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"கையக் கீழ எறக்குங்க மொதலாளி" என்றாள். "நான் சொல்றேன்."

தமிழழகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "போனக் குடுங்கக்கா." அவனே வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே மேலே தள்ளி, அந்தத் தாளின் படத்தையும் அதற்குக் கீழே இருந்த தன் பதிலையும் தேடி எடுத்து அழித்தான். படங்கள் இருக்கும் இடத்திலும் போய் அழித்தான். குப்பைக்குப் போனதையும் காலி செய்தான். பிறகு தன் செல்போனிலும் அதையே செய்தான். அம்பிகா இன்னொரு காப்பி கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

வாக்குமூலம் ஒரு செவ்வாய்க்கிழமை. லாவண்யா முதலில் ஒரு தாளைப் படித்தார். இங்கே சொல்வது கோர்ட்டில் சொல்வது மாதிரி, பொய் சொன்னால் தண்டனை உண்டு. புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றாள். பிறகு கேள்வி.

"இது மிக்சட் சப்ளைனு உங்களுக்குத் தெரியாதா?"

"பாத்திரம்தான் முக்கியம்னு நெனச்சிட்டேங்க."

"ஜி.எஸ்.டி. வந்ததுலேர்ந்து இந்தக் கடை பில்லு எல்லாத்தையும் பாத்தேன். ஒரு வீதம் தப்பு கெடையாது. முப்பத்திரண்டு இன்ச் டிவி தனியா வித்தப்ப பதினெட்டு, அதுக்கு மேல வித்தப்ப இருபத்தெட்டு. நீங்க போட்டதுதான் எல்லாம். இது மட்டும் தெரியலையா?"

"தெரியலைங்க."

லாவண்யா பேனாவைக் கீழே வைத்தார். "யாராவது சொல்லிப் போட்டீங்களா?"

"இல்லைங்க."

"மொதலாளிகிட்ட இதப் பத்திப் பேசவே இல்லையா? வாய்லயோ, எழுத்துலயோ?"

"இல்லைங்க மேடம்."

"இன்னொரு தடவ கேக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. யார் முடிவு இது?"

சுவரில் ஒரு காலண்டர் மின்விசிறிக் காற்றில் அடித்துக்கொண்டது. "என் முடிவுதாங்க" என்றாள் சிந்தாமணி. மூன்று பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டாள். தமிழிலும் இங்கிலீஷிலும் போடச் சொன்னார்கள். இரண்டிலும் போட்டாள்.

ஆனி மாதம் நோட்டீஸ் வந்தது, எழுபத்து மூன்றாம் பிரிவில். வேண்டுமென்று மறைத்ததற்கு ஆதாரம் இல்லை. இராமலிங்கம் கும்பகோணத்தில் ஒரு மனையை விற்று, நாற்பது லட்சம் வரியும் ஒன்பது லட்சத்துச் சொச்சம் வட்டியும் முப்பது நாளுக்குள் கட்டினார். அபராதம் ஒரு பைசா இல்லை. ஆடிட்டர் கடைக்கு வந்து கைகுலுக்கினார். தமிழழகன் பதினான்கு பேருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தான். சிந்தாமணியின் பொட்டலத்தில் ஒரு முட்டை அதிகமாக வைக்கச் சொன்னான்.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் அவள் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் ஒரு கவர் இருந்தது. பிரித்துப் படித்தாள். 'தங்கள் கவனக்குறைவால் தவறான வரி வீதம் இடப்பட்டு நிறுவனத்துக்குப் பெரும் இழப்பு ஏற்பட்டுள்ளது. இதைத் தாங்களே அதிகாரிகள் முன் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். ஏழு நாளில் விளக்கம் தரவும்.'

நேரே கல்லாவுக்குப் போனாள். இராமலிங்கம் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்னங்க மொதலாளி இது?"

"தம்பிகிட்ட பேசிக்க."

"சத்தியம் பண்ணீங்களே."

"நான் இருக்கற வரைக்கும்னேன்" என்றார் இராமலிங்கம். "கடைய இப்பத் தம்பி பேருக்கு மாத்தியாச்சு. நான் சும்மா ஒக்காந்திருக்கேன்."

தமிழழகன் மாடியில் இருந்தான். கோபமில்லாமல் பேசினான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "அக்கா, நாளைக்கு பேங்குல லோன் கேக்கப் போனாலும் இந்த நோட்டீஸப் பத்திக் கேப்பாங்க. தப்புப் பண்ண ஆள என்னா பண்ணீங்கன்னு கேப்பாங்க. வச்சிருக்கேன்னு சொல்ல முடியுமா? புரிஞ்சுக்குங்க."

"தப்புப் பண்ண ஆளு யாரு தம்பி?"

"எழுத்துல இருக்கறது நீங்கதானக்கா."

அவள் விளக்கம் எழுதிக் கொடுத்தாள். நான் அன்றே சொன்னேன் என்று எழுதவில்லை, எழுத முடியவில்லை. என் மேல் தயவு வையுங்கள் என்று எழுதினாள். ஆவணி முதல் தேதி வேலை நீக்கக் கடிதம் வந்தது. பதினேழு வருஷத்துக்கு அவளுக்குச் சேர வேண்டிய பணிக்கொடை ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். வேலையாளின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்தை அதில் கழித்துக்கொள்ள முதலாளிக்குச் சட்டத்தில் இடமுண்டு என்றும், நஷ்டம் அதைவிடப் பல மடங்கு என்பதால் தருவதற்கு ஒன்றுமில்லை என்றும் கடிதத்தில் இருந்தது.

பழனிவேல் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். இடுப்பு அடிபட்டதிலிருந்து அவன் வீட்டோடுதான். "பத்து லட்சம் மிச்சம் பண்ணிக் குடுத்த" என்றான். "அவன் உன்னோட லட்சத்து எண்பத்தாறாயிரத்தையும் சேத்து வாங்கிக்கிட்டான். நல்லாப் படிச்ச கணக்கு." அன்றிரவு அவன் அவளோடு பேசவில்லை. ஒரு மாதம் பேசவில்லை. திருச்சியில் நர்சிங் படிக்கிற மகள் சிந்து, இரண்டாம் வருஷக் கட்டணத்துக்கு போன் பண்ணினபோது, போனை எடுத்த பழனிவேல், "ஒங்கம்மாகிட்ட கேளு, அவங்க பெரிய மனுசி" என்று சொல்லிப் போனைச் சிந்தாமணியிடம் நீட்டினான். சிந்தாமணி தாலிக்கொடியை அடகு வைத்தாள்.

தொழிலாளர் துறையில் மனுப் போடலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். போட்டாள். ஐந்து வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடைப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு காகிதம்தான் நீட்டினார்கள், நோட்டீஸோடு வந்த அவளுடைய வாக்குமூலப் பிரதி, மூன்று பக்கம், இரண்டு மொழியில் கையெழுத்து.

விசாரித்தவர் வயதான மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"இதுல உள்ளது உண்மையா?"

சிந்தாமணி வக்கீலைப் பார்த்தாள். வெளியே வராந்தாவில் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். உண்மை இல்லை என்று சொன்னால், சம்மனுக்குப் போய்ப் பொய் சொன்னேன் என்று நீயே ஒப்புக்கொண்ட மாதிரி. அதற்கு ஜெயில்கூட உண்டு. சரி, துணிந்து சொல்லுகிறாய் என்றாலும், நீ எச்சரித்ததற்கு என்ன சாட்சி இருக்கிறது? மெசேஜ் எங்கே?

"உண்மைதாங்க" என்றாள்.

தீர்ப்பு அரைப் பக்கம். மனுதாரர் தன் கவனக்குறைவைத் தானே ஒப்புக்கொண்டிருப்பதால் நிர்வாகம் பணிக்கொடையைப் பிடித்துக்கொண்டது சரி. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் இருந்தது. சிந்தாமணி போகவில்லை. அங்கேயும் அதே காகிதம்தான் வரும்.

வேலை தேடினாள். பெரம்பலூரில் ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடைக்கு பில்லிங் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். கடைக்காரர் சிவசுப்பிரமணியன் அவளைச் சோதிக்க நாலைந்து சாமான் சொல்லி வீதம் கேட்டார். மூச்சு விடாமல் சொன்னாள். மிக்சட் சப்ளைக்கும் காம்போசிட்டுக்கும் வித்தியாசம் கேட்டார். கேஸ்கட்டையும் குக்கரையும் வைத்து விளக்கினாள். அவருக்கு ரொம்பத் திருப்தி. "இவ்ளோ தெரிஞ்ச ஆள ஏன் விட்டாங்க? ஒரு வார்த்த கேட்டுர்றேன்" என்று அவள் எதிரிலேயே இராமலிங்கத்துக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"சிந்தாமணியா? நல்ல பொம்பளைங்க, கை சுத்தம்" என்றது அந்தப் பழகிய குரல். "வரி விஷயத்துலதான் கொஞ்சம் வெவரம் பத்தாது. எங்களுக்கு அம்பது லட்சம் போச்சு. மத்தபடி பாத்திரம் தொடைக்க, அடுக்க வச்சுக்கலாம்."

சிவசுப்பிரமணியன் போனை வைத்தார். அவளைப் பார்க்காமல் மேசை மேலிருந்த பேனாவைச் சரியாக வைத்தார். "சொல்லியனுப்பறேம்மா" என்றார். அரியலூரிலும் பெரம்பலூரிலும் பாத்திரக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே சங்கம். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கத்தில் யாரிடமும் போகவில்லை.

இதற்கிடையில் 2025 புரட்டாசியில் வீதங்கள் மாறின. பெரிய டிவி பதினெட்டுக்கு இறங்கியது, எவர்சில்வர் பாத்திரம் ஐந்துக்கு வந்தது. தமிழழகன் மறுபடியும் சீர்வரிசை காம்போ ஆரம்பித்தான். சிந்தாமணியின் தெருவில் ஒரு கல்யாண வீட்டுக்கு அந்தச் சாமான் வந்து இறங்கியது. பில்லை அவளிடம் காட்டி, சரியா இருக்கா பாருக்கா என்றார்கள். ஐம்பத்தொரு லைன். ஒவ்வொரு சாமானுக்கும் தனி விலை, தனி வீதம். வேண்டாததைக் கழித்துக்கொள்ளலாம் என்று அடியில் அச்சிட்டிருந்தது. அன்று பேனரைப் பார்த்து அவள் சொன்ன வாசகம் ஏறக்குறைய அப்படியே. "சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது அவளுக்கு வேலை பாடாலூரில், திருச்சி–சென்னை நாலுவழிச் சாலை ஓரத்து ஹோட்டலில். டோக்கன் கவுண்டர். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சம்பளம் பதினோராயிரம். பகல் பூராவும் நிற்க வேண்டும். ஆம்னி பஸ் வந்து நின்றால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். பழனிவேல் பேச ஆரம்பித்திருக்கிறான், தேவைக்கு மட்டும். சிந்துவுக்குக் கடைசி வருஷம்.

மார்கழியில் ஒரு மத்தியானம், கவுண்டருக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். "ரெண்டு சாப்பாடு" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "நீங்க... அரியலூர் பாத்திரக் கடைல இருந்தவங்கதானே?"

லாவண்யா. சிந்தாமணி தலையாட்டினாள்.

"இங்க எப்படி?"

பின்னால் கூட்டம் இல்லை. சிந்தாமணி நாலு வாக்கியத்தில் சொன்னாள். வேலை போனது, பணிக்கொடை போனது, அந்த மூன்று பக்கம். அழவில்லை. வேறு யாருடைய கதையையோ சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

லாவண்யா பணத்தைக் கவுண்டரில் வைத்தார். "நீங்க சொன்னது பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். "உண்மையச் சொல்லியிருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நீங்க வேலையாளு. வரி அவங்க மேலதான். அபராதமும் அவங்க மேலதான்."

"தெரிஞ்சா ஏன் மேடம் அப்படியே எழுதிக்கிட்டீங்க?"

"நீங்க சொல்றதத்தாம்மா நான் எழுத முடியும். திருப்பித் திருப்பிக் கேட்டேனே. யோசிச்சுச் சொல்லுங்கன்னுகூடச் சொன்னேன்."

சிந்தாமணி இரண்டு டோக்கனைக் கிழித்து, மீதி எண்பது ரூபாயை அதன் மேல் வைத்து நீட்டினாள். லாவண்யா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குள் சென்னையிலிருந்து வந்த பஸ் ஒன்று வாசலில் நின்று, ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள்.